இரண்டாம் ஆர்டர் எப்போது வரும்? புதிய வாடிக்கையாளருக்கு நினைவூட்டும் நாளைக் கணக்கிடும் முறை

இணையவழியில் காபித்தூள் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். புதிய வாடிக்கையாளர் ஒருவர் 500 கிராம் வாங்கிச் சென்றிருக்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் எந்த நாளில் நினைவூட்டுவது? பத்தாம் நாளில் அனுப்பினால் டப்பாவில் இன்னும் பாதித் தூளுக்கு மேல் இருக்கும். நாற்பதாம் நாளில் அனுப்பினால், ஒரு நாள் காலையில் தூள் தீர்ந்துபோய், தெருமுனைக் கடையில் வேறொரு பாக்கெட் வாங்கி, அந்த வீடு அதற்கே பழகியிருக்கும். சரியான நாளை ஊகிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டாம் முறை வாங்கியவர்கள், முதல் ஆர்டருக்கும் இரண்டாம் ஆர்டருக்கும் இடையே விட்ட நாள்களிலேயே அதற்கான விடை இருக்கிறது.

படி 1: ஆர்டர்களைச் சீர்செய்தல்

கூகுள் ஷீட்ஸில் `Orders` என்ற தாளைத் திறந்து, A நெடுவரிசையில் கைபேசி எண், B-இல் ஆர்டர் தேதி, C-இல் கிராம் அளவு ஆகியவற்றை இடுங்கள். ரத்தான ஆர்டர்களையும் திரும்பி வந்த பார்சல்களையும் நீக்கிவிடுங்கள். ஒரே ஆள் ஒருமுறை +91 சேர்த்தும் மறுமுறை சேர்க்காமலும் எண்ணைக் கொடுத்திருந்தால், கணக்கில் அவர் இரண்டாம் முறை வராத இரு வேறு வாடிக்கையாளர்களாகத் தெரிவார். ஆகவே எல்லா எண்களையும் கடைசிப் பத்து இலக்கங்களாகச் சுருக்கிவிட வேண்டும். தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால், நேரத்தை நீக்கித் தேதியை மட்டும் வையுங்கள்.

படி 2: இடைவெளியைக் கணக்கிடுதல்

இன்னொரு தாளில் முதல் வரிசையைத் தலைப்புகளுக்கு விட்டுவிட்டு, A2-இல் முதல் சூத்திரத்தையும், B2 முதல் E2 வரை மற்ற நான்கையும் வரிசையாக இட்டு, அந்த நான்கை மட்டும் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=UNIQUE(FILTER(Orders!A2:A, Orders!A2:A<>""))
=MINIFS(Orders!B:B, Orders!A:A, A2)
=MINIFS(Orders!B:B, Orders!A:A, A2, Orders!B:B, ">"&(B2+2))
=IF(C2=0, "", C2-B2)
=SUMIFS(Orders!C:C, Orders!A:A, A2, Orders!B:B, "<="&(B2+2))
```

B முதல் ஆர்டரின் தேதி, C இரண்டாம் ஆர்டரின் தேதி, D இடைவெளி நாள்கள், E முதலில் வாங்கிய மொத்த கிராம். சூத்திரத்தில் உள்ள `+2` காரணமின்றி வரவில்லை. ஆர்டர் போட்ட மறுநாளே "அம்மாவுக்கும் ஒரு பாக்கெட் அனுப்புங்கள்" என்று மீண்டும் வாங்குபவர் திரும்பி வந்தவர் அல்லர். முதல் ஆர்டரில் விட்டுப்போனதைச் சேர்க்கிறார். அத்தகையவற்றை முதல் ஆர்டரோடு சேர்க்காவிட்டால், ஒரு நாள் இரண்டு நாள் என்ற பொய்யான இடைவெளிகள் கணக்கைக் கீழே இழுத்துவிடும்.

படி 3: யாரைக் கணக்கில் சேர்ப்பது

தொடக்கநிலையில் பலரும் தவறுவது இங்கேதான். சென்ற மாதம் முதல் ஆர்டர் போட்டவர்களுள் இரண்டாம் ஆர்டரும் போட்டவர்களை மட்டும் பார்த்தால், இடைவெளி மிகக் குறுகியதாகத் தெரியும்; ஏனெனில் மெதுவாகத் திரும்புபவர்களுக்குத் திரும்பி வருவதற்கான நாள்களே இன்னும் கடக்கவில்லை. ஆகவே முதல் ஆர்டர் போட்டு 120 நாள்களாவது ஆனவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரையும் அந்த முதல் 120 நாள்கள் வரை மட்டுமே கவனியுங்கள். அதற்குப் பின் வந்த ஆர்டரை வராததாகவே கொள்ளுங்கள். அளவையும் பிரித்தாக வேண்டும், ஏனெனில் 250 கிராம் வாங்கியவரும் ஒரு கிலோ வாங்கியவரும் ஒரே நாளில் திரும்பமாட்டார்கள்.

படி 4: எண்களைப் படித்தல்

கணக்கு விளங்குவதற்காக ஒரு சிறு மாதிரியை வைத்துக்கொள்வோம். 500 கிராம் வாங்கிய 16 புதிய வாடிக்கையாளர்களுள் 11 பேர் 120 நாள்களுக்குள் திரும்பினார்கள், ஐவர் திரும்பவில்லை. அந்தப் பதினொருவரின் இடைவெளிகள் இவை: 17, 21, 23, 24, 26, 27, 29, 31, 34, 48, 96.

இவற்றின் சராசரி ஏறத்தாழ 34 நாள். அதை நம்பி 34-ஆம் நாளில் நினைவூட்டினால், திரும்பிய பதினொருவரில் ஒன்பது பேர் அதற்குள் ஆர்டர் போட்டு முடித்திருப்பார்கள். 48, 96 என்ற இரண்டு எண்கள் மட்டுமே சராசரியை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றுவிட்டன. வரிசையின் நடுவே நிற்கும் இடைநிலை மதிப்போ 27 நாள்.

இதைவிடத் தெளிவான கேள்வி ஒன்று உண்டு: இன்னும் திரும்பாமல் எஞ்சியிருப்பவர்களில் எத்தனை பேர் அடுத்த சில நாள்களில் வருகிறார்கள்? 23-ஆம் நாள் முடிவில் மூவர் வந்துவிட்டார்கள். எஞ்சியவர் 13 பேர். அடுத்த 11 நாள்களில் அவர்களில் ஆறு பேர் வந்தார்கள். 34-ஆம் நாள் முடிவில் எஞ்சிய ஏழு பேரிலோ, மீதி 86 நாள்களில் வந்தவர்கள் இருவர் மட்டுமே. அதாவது, இந்த வீடுகளில் முடிவு எடுக்கப்படும் காலம் 24 முதல் 34-ஆம் நாள் வரையிலான அந்தச் சிறு பகுதிதான். திரும்பாத ஐவரும் இந்தக் கணக்கில் இடம்பெறுவதால், இடைவெளிகளை மட்டும் பார்க்கும்போது கிடைக்காத உண்மை இதில் கிடைக்கிறது.

படி 5: நாளைத் தேர்ந்தெடுத்தல்

காபித்தூளைப் போலத் தீர்ந்துபோகும் பொருளுக்கு, அந்தப் பகுதி தொடங்கும் இடத்திலேயே நினைவூட்ட வேண்டும் என்பது என் கருத்து. கீழ்க்காணும் சூத்திரம், திரும்பியவர்களில் கால்பங்கினர் வந்து முடித்த நாளைத் தரும். நம் மாதிரியில் அது 23.5.

```
=PERCENTILE(FILTER(D2:D, ISNUMBER(D2:D), D2:D<=120, B2:B<=TODAY()-120, E2:E=500), 0.25)
```

கூரியர் சென்று சேர மூன்று நாள் ஆகும் என்றால், 23-ஆம் நாளில் செய்தி கிடைத்து அன்றே ஆர்டர் போடுபவருக்கு 26-ஆம் நாளில் தூள் கைக்கு வரும். அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை அன்று காலையிலேயே எடுங்கள். முந்தைய இரவு ஆர்டர் போட்டவருக்கு நினைவூட்டல் போய்ச் சேர்ந்தால் அது எரிச்சலையே தரும்.

```
=FILTER(A2:B, B2:B=TODAY()-23, C2:C=0, E2:E=500)
```

செய்தி இவ்வளவு போதும்: "வணக்கம். நீங்கள் 3-ஆம் தேதி வாங்கிய 500 கிராம் காபித்தூள் இந்த வாரம் தீரக்கூடும். அதே அளவு, அதே அரைப்பில் மீண்டும் வேண்டுமென்றால் 'ஆம்' என்று பதில் அனுப்புங்கள்." இதில் தள்ளுபடி சேர்க்க வேண்டாம், ஏனெனில் பெறுபவர்களில் பலர் எப்படியும் வாங்கப்போகிறவர்கள். தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால், 34-ஆம் நாளும் கடந்து வராதவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

படி 6: பயன் உண்டா என்று பார்த்தல்

கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக உள்ளவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பி, ஒற்றைப்படையினரை அப்படியே விடுங்கள். பின்னர் இரு பக்கத்திலும் 45-ஆம் நாளுக்குள் இரண்டாம் ஆர்டர் போட்டவர்களின் பங்கை ஒப்பிடுங்கள். 23-ஆம் நாளுக்கு முன்பே வந்தவர்களை இரு பக்கத்திலிருந்தும் விலக்கிவிடுங்கள். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பது இதற்கு அளவுகோல் ஆகாது. நாற்பதில் 20, நாற்பதில் 23 என்ற அளவு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. ஒவ்வொரு பக்கத்திலும் சில நூறு பேர் சேரும் வரை முடிவு சொல்லாதீர்கள்.

செய்தி அனுப்பாமல் விட்ட பகுதிக்கு இன்னொரு பயனும் உண்டு. நினைவூட்டல் தொடங்கிய பிறகு, இடைவெளிகள் எல்லாம் 23, 24-ஆம் நாள்களைச் சுற்றிக் குவியத் தொடங்கும். அது நீங்கள் அனுப்பிய செய்தியின் தடமேயன்றி வீடுகளின் இயல்பான பழக்கம் அன்று. எனவே ஆறு மாதம் கழித்து நாளை மறுபடி கணக்கிடும்போது, ஒற்றைப்படை எண்ணினரின் இடைவெளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குப் பரிசாக அனுப்பியவர்கள், அதாவது விநியோக முகவரி வேறொருவருடையதாக உள்ளவர்கள், இந்தக் கணக்கில் சேரக் கூடாது. தூளைக் குடிப்பவர் ஒருவர், ஆர்டர் போட்டவர் வேறொருவர் என்பதால், அவர்களுடைய இடைவெளி டப்பா காலியாவதைக் காட்டாது. அவர்களுக்கு 23-ஆம் நாள் செய்தியையும் அனுப்ப வேண்டாம்.