தனி ஊசலில் 5% பிழை வருவது எங்கிருந்து?

20 அலைவுகளுக்கு 40.0 வினாடி, நிறுத்துக்கடிகாரத்தின் மீச்சிற்றளவு 0.1 வினாடி. அலைவு நேரம் 2 வினாடி என்பதால் பலர் 0.1-ஐ 2-ஆல் வகுத்து 5% என்று எழுதிவிடுகிறார்கள். கடிகாரம் அளந்தது 2 வினாடியை அல்ல, 40 வினாடியை. ஆகவே பிழை:

0.1/40 × 100 = 0.25%

20-ஆல் வகுக்கும்போது மீச்சிற்றளவும் சேர்ந்து 0.005 வினாடியாகச் சுருங்குகிறது. அதனால் விழுக்காடு மாறுவதில்லை.

எனக்குக் கைகொடுத்த வழி, 'கருவி காட்டிய எண்' என்று அட்டவணையில் தனி நிரல் போடுவது. வகுக்கும் எண்ணை அங்கிருந்து மட்டுமே எடுப்பேன்.

ஊசலின் நீளம் 100 செ.மீ., அளவுகோலின் மீச்சிற்றளவு 0.1 செ.மீ. என்றால் அதன் பிழை 0.1%. இந்தச் சோதனையில் கண்டறியும் புவியீர்ப்பு முடுக்கம் g-யின் சூத்திரத்தில் அலைவு நேரம் T இருமடி என்பதால், g-யின் பிழை:

0.1 + 2 × 0.25 = 0.6%

5%-ஐப் போட்டிருந்தால் 10.1% வந்திருக்கும். பொத்தானை அழுத்தும் கையின் தாமதம் இதில் சேரவில்லை. அது மீச்சிற்றளவைவிடப் பெரிதாகவே இருக்கலாம்.