கூடுதல் கமிஷனுக்குப் பதில் அடிப்படைச் சம்பளம்: மின்னஞ்சலில் சறுக்கும் இடங்கள்

பிறையில் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 2,500 வெள்ளி, விற்பனையில் 3% கமிஷன். கமிஷனை 4% ஆக்குகிறேன் என்கிறார் முதலாளி. இவருக்கோ அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் போதும்.

பெரும்பாலோர் எழுதும் முதல் வரி, "வீட்டுக் கடன், கார் கடன் கட்டச் சிரமமாக இருக்கிறது." இது உண்மையாகவே இருக்கட்டும், கடிதத்தில் வேண்டாம். படிக்கும் முதலாளி உங்கள் செலவைத்தான் பார்ப்பார், உங்கள் விற்பனையைப் பார்க்கமாட்டார்.

அடுத்த சறுக்கல் கணக்கில். நன்றாக விற்ற மாதத்தை வைத்துப் பேசுவார்கள், கணக்கர் பழைய பில்களைப் புரட்டியதும் வாதம் விழுந்துவிடும். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டுங்கள். இவருடைய மொத்த விற்பனை 720,000 வெள்ளி, சராசரி மாதம் 60,000. சீனப் புத்தாண்டு மாதத்தில் மட்டும் 28,000. கூடுதல் 1% என்பது சராசரி மாதத்தில் 600 வெள்ளி, புத்தாண்டு மாதத்தில் வெறும் 280. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அவர் தவிர்க்கப் பார்க்கிறார்.

அப்படியானால் 600 கேட்கலாமா? அங்கேதான் கோரிக்கை மறுக்கப்படுகிறது. விற்பனை படுத்த மாதத்திலும் நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும், அந்த நிச்சயத்துக்கு ஒரு விலை உண்டு. 500 கேட்டால் ஆண்டுக்கு 6,000. முதலாளி தர முன்வந்த கூடுதல் 1% கமிஷனோ 7,200. அதே விற்பனைக்கு நிறுவனத்துக்கு 1,200 வெள்ளி மிச்சம். மாதச் சராசரி 50,000-க்குக் கீழே இறங்கினால்தான் நிறுவனத்துக்கு நட்டம். இதை மறைக்காமல் நீங்களே எழுதி, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை செய்யலாம் என்று சேர்த்துவிடுங்கள். முதலாளி கேட்கப்போகும் கேள்விக்கு அதுவே பதில்.

"அடிப்படைச் சம்பளம் கூடினால்தான் ஊழியர் சேமநிதி கூடும்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது தவறு. ஊழியருக்குத் தரும் கமிஷனுக்கும் இபிஎஃப் சந்தா உண்டு. சம்பளப் பட்டியல் போடுபவருக்கு இது தெரியும். இந்த ஒரு வரியால் மற்ற கணக்கின்மேலும் சந்தேகம் விழும்.

கடைசியாக, 3% கமிஷன் அப்படியே தொடருமா என்பதைச் சொல்லாமல் விடுவது. "சம்பளத்தை உயர்த்துங்கள்" என்று மட்டும் எழுதினால், 500 கொடுத்துவிட்டு கமிஷனை 2% ஆகக் குறைத்தாலும் உங்கள் கோரிக்கை நிறைவேறியதாகவே ஆகும். வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகே கமிஷன் தரும் இடங்களில், ஏற்கெனவே முடித்த ஆர்டர்களின் நிலையையும் எழுத வேண்டும். ஒரு பத்தி போதும்:

"கமிஷனை 4% ஆக்குவதற்குப் பதில், அடிப்படைச் சம்பளத்தை 2,500-இலிருந்து 3,000 வெள்ளியாக உயர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன். கமிஷன் 3% ஆகவே தொடரட்டும். இந்த மாற்றத்துக்கு முன் இன்வாய்ஸ் போட்ட ஆர்டர்களுக்கு, பணம் எப்போது வந்தாலும் அதே 3% பொருந்தும். பன்னிரண்டு மாத விற்பனைக் கணக்கை இணைத்துள்ளேன்."