ஏதோமா, மனுஷரா? கிரேக்க வசனத்தை எபிரேயத்தோடு ஒப்பிடும்போது வழுக்கும் இடங்கள்

தமிழ் வேதாகமத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறையாவது நின்றிருப்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில், எருசலேம் கூட்டத்தில் யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்துச் சொல்கிறார். விழுந்துபோன தாவீதின் கூடாரம் மறுபடி எடுப்பிக்கப்படும். அப்போது மற்ற மனுஷரும் சகல ஜாதிகளும் கர்த்தரைத் தேடுவார்கள். சரி, ஆமோஸ் 9:12ஐத் திருப்பிப் பார்த்தால் அங்கே மனுஷரும் இல்லை, தேடலும் இல்லை. ஏதோமில் மீதியானவர்களை இஸ்ரவேலர் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்று இருக்கிறது.

காரணத்தின் முதல் பாதி எளிது. அப்போஸ்தலர் நடபடிகள் எபிரேயத்தை அல்ல, கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பை, அதாவது எழுபதின்மர் மொழிபெயர்ப்பை ஒட்டிப் போகிறது. அந்தக் கிரேக்கம் எபிரேயத்திலிருந்து எப்படி விலகியது என்பதுதான் கடினமான பாதி. இதைத் தேடப் புறப்படும் பலரும் ஒரே சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன்.

முதல் வழுக்கல் ஒப்பிடத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம்? அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கும் மேற்கோள்தான் கிரேக்க ஆமோஸ் என்று எடுத்துக்கொண்டால், "கர்த்தரை" என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் இணை தேடி நாள் கணக்கில் அலைய வேண்டிவரும். ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கைப்பிரதியின் ஆமோசில் அந்தச் சொல்லே கிடையாது. "மனுஷரில் மீதியானவர்களும் சகல ஜாதிகளும் தேடும்படி" என்று மட்டும் இருக்கிறது. யாரைத் தேடுவது என்று சொல்லவில்லை. 5ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியா கைப்பிரதியில் "கர்த்தரை" வந்துவிடுகிறது. ஆமோசை நகலெடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களுக்கு மனப்பாடம். தெரிந்த மேற்கோள் பழைய ஏற்பாட்டுப் பிரதிக்குள் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியம். ஆகவே அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் கணக்கில் எழுதக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க, பக்கத்தின் அடியில் கைப்பிரதி வேறுபாடுகளைத் தரும் பதிப்பு வேண்டும். கைக்கு அடக்கமானது 1935இல் வந்த ரால்ஃப்ஸ் பதிப்பு. முழு விவரமும் வேண்டுமென்றால் கோட்டிங்கன் வரிசையில் சீக்லர் 1943இல் வெளியிட்ட பன்னிரு சிறு தீர்க்கதரிசிகள். எபிரேயப் பக்கமும் அப்படித்தான். நாம் கையில் வைத்திருக்கும் அச்சுப் பிரதி பெரும்பாலும் 1008ஆம் ஆண்டைச் சேர்ந்த லெனின்கிராட் கைப்பிரதியை ஒட்டியது. அது மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்த சுருளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது.

இரண்டாவது, மொழி வேறுபாட்டையெல்லாம் பிரதி வேறுபாடாக எண்ணிவிடுவது. எபிரேயத்தில் "மீதி" என்பது "ஷெஏரீத்", ஒருமை. கிரேக்கத்தில் "மீதியானவர்கள்" என்று பன்மை. இது விலகலே அல்ல. ஒரு கூட்டத்தைச் சுட்டும் ஒருமையைக் கிரேக்கர் காதுக்குப் பன்மையாக்கியிருக்கிறார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவற்றைப் பட்டியலிட்டால் ஒரு வசனத்தில் பத்து வேறுபாடு கிடைக்கும், ஒன்றும் புரியாது.

இதே வசனத்தில் மாறாமல் இருக்கும் ஒரு பகுதியைப் பாருங்கள், அது பயன்படும். "என் நாமம் தரிக்கப்பட்ட ஜாதிகள்" என்பதை எபிரேயம் தன் வழக்கப்படி "எந்த ஜாதிகளோ, அவர்கள்மேல் என் நாமம் கூறப்பட்டது" என்ற போக்கில் சொல்கிறது. கிரேக்கத்துக்கு அந்த "அவர்கள்மேல்" தேவையே இல்லை. "யார்மேல்" என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் "யார்மேல் என் நாமம் கூறப்பட்டதோ அவர்கள்மேல்" என்று இரண்டையும் வைத்திருக்கிறார். கிரேக்கம் கொஞ்சம் இடறினாலும் பரவாயில்லை, சொல்லுக்குச் சொல் போக வேண்டும் என்கிற ஆள் இவர். வசனத்தின் பிற்பாதியில் இத்தனை கட்டுப்பாடாக இருப்பவர் முற்பாதியில் மட்டும் மனம்போல எழுதினாரா என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயிர்க்குறிகள். அச்சு எபிரேயத்தில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் தெரியும் புள்ளிகளும் கோடுகளும் எபிரேய வேதத்தை நகலெடுத்துப் பேணிவந்த மசோரா அறிஞர்கள் என்ற யூதர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இட்டவை. மொழிபெயர்ப்பாளர் பார்த்தது கிட்டத்தட்ட மெய்யெழுத்துகளை மட்டும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் சொல்லாமலே விளங்கும். ஆதியாகமம் 47:31இல் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுதான் என்கிறது எபிரேயம். கிரேக்கமோ கோலின் முனை என்கிறது; எபிரெயர் 11:21இலும் அதனால்தான் கோல். "மித்தா" என்றால் கட்டில், "மத்தே" என்றால் கோல். மெய்யெழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. இங்கே வேறு பிரதி இருந்தது என்று சொல்ல எதுவும் இல்லை, வேறு வாசிப்பு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டே வசனம் தள்ளி, 48:2இல், அதே சொல்லை அதே கிரேக்கம் கட்டில் என்று சரியாகப் பெயர்க்கிறது. ஆக, சொல் தெரியாமல் போனதாலும் அல்ல.

ஆமோசுக்கு வருவோம். ஏதோம் என்பது எபிரேயத்தில் ஆலெப், டாலெத், வாவ், மேம் என்ற நான்கு எழுத்து. (119ஆம் சங்கீதத்தின் துணைத்தலைப்புகளில் பார்க்கிறோமே, அந்த எழுத்துகள்தான்.) மனுஷன் என்ற "ஆதாம்" அதில் வாவ் மட்டும் குறைந்தது. இந்த வாவ் உச்சரிப்புக்குத் துணையாக வருவது; பழைய பிரதிகளில் சில இடங்களில் எழுதுவார்கள், சில இடங்களில் விட்டுவிடுவார்கள். அது இல்லாத சுருளில் ஏதோம், ஆதாம் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே.

வினைச்சொல்லில் கதை இன்னும் சுவையானது. சுதந்தரிப்பார்கள் என்பது "யீரெஷூ": யோட், யோட், ரேஷ், ஷீன், வாவ். தேடுவார்கள் என்பது "யித்ரெஷூ": யோட், டாலெத், ரேஷ், ஷீன், வாவ். இரண்டாவது எழுத்து ஒன்றுதான் மாறுகிறது.

ஆனால் "யித்ரெஷூ" என்ற சொல்லை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன்? கிரேக்கச் சொல்லை அகராதியில் தேடி, அதற்கு எபிரேயத்தில் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை எடுத்து, "மூலப்பிரதியில் இதுதான் இருந்தது" என்று எழுதிவிடுவது பெருந்தவறு. தேடுதலுக்கு எபிரேயத்தில் "பிக்கேஷ்" என்றும் ஒரு வினை உண்டு. அதை வைத்தால் எழுத்துப் பொருத்தம் மொத்தமும் கலைந்துபோகும். கேட்க வேண்டியது அகராதியை அல்ல, இந்த மொழிபெயர்ப்பாளரின் பழக்கத்தை. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் "என்னைத் தேடுங்கள், பிழைப்பீர்கள்" என்று வரும் இடத்தில் எபிரேயம் "தாரஷ்" என்ற வினை; "யித்ரெஷூ" அதன் ஒரு வடிவம்தான். அதற்கு அவர் போட்ட கிரேக்கம் 9:12இல் இருக்கும் அதே "எக்ஸெத்தேயோ" வினை. 5:6இலும் 5:14இலும் அப்படியே. இந்த ஆதாரம் இருப்பதால்தான் "யித்ரெஷூ" என்று துணிந்து சொல்லலாம்.

அவருக்கு மற்ற சொற்கள் தெரியுமா என்பதையும் இதே வழியில் சோதிக்கலாம். 2:10இல் எமோரியரின் தேசத்தைச் சுதந்தரிப்பது பற்றி வருகிறது. அதை "சுதந்தரித்தல்" என்றே சரியாகப் பெயர்த்திருக்கிறார். முதல் அதிகாரத்தில் ஏதோம் வரும்போதெல்லாம் "இதுமேயா" என்கிறார். இரண்டும் தெரிந்த ஆள், 9:12இல் மட்டும் இரண்டையும் வேறாக எழுதுகிறார்.

நான் முதலில் இந்த வசனத்தைப் பார்த்தபோது நோட்டில் "எழுத்து மயக்கம், முடிந்தது" என்று எழுதி மூடிவிட்டேன். அது அவசரம். எபிரேயச் சதுர எழுத்தில் டாலெத்தும் ரேஷும் குழம்புவது சர்வ சாதாரணம். வாவும் யோட்டும் குழம்புவதும் அப்படியே. யோட்டும் டாலெத்தும் அந்த அளவு ஒன்றுபோல் இருக்காது. மங்கிய எழுத்து ஒன்று, பக்கத்தில் ஏற்கெனவே "ஆதாம்" என்று வாசித்துவிட்ட மனம், இரண்டும் சேர்ந்தால் நடக்கலாம். எழுத்து ஒற்றுமை ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமாக, மயக்கம் என்ற விளக்கம் வசனத்தில் உள்ள எல்லாவற்றையும் தொட வேண்டும். எபிரேயத்தில் "மீதி"க்கு முன்னால் "ஏத்" என்ற சிறு சொல் இருக்கிறது. தமிழின் இரண்டாம் வேற்றுமை "ஐ" செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது: மீதியை. அது இருக்கும்வரை மீதியானவர்கள் எழுவாயாக முடியாது. கிரேக்கத்தில் அவர்கள் எழுவாய் ஆகிவிட்டார்கள். அப்படியானால் அவர் சுருளில் "ஏத்" இல்லையா, இருந்தும் விட்டாரா? அங்கே "ஓத்தீ", அதாவது "என்னை" என்று இருந்திருக்கலாம் என்பது ஒரு யோசனை. ஒரு யோட் கூடினால் போதும். ஆனால் அப்படியிருந்தால், சொல்லுக்குச் சொல் போகும் இவர் கிரேக்கத்தில் "என்னை" என்று எழுதியிருப்பார். வத்திக்கான் பிரதியில் அது இல்லை.

இங்கே பலர் எடுக்கும் குறுக்கு வழி, நோக்கம் கற்பிப்பது. ஒரு பக்கம், மொழிபெயர்ப்பாளர் புறஜாதியார்மேல் கரிசனம் கொண்டு வேண்டுமென்றே மாற்றினார் என்பார்கள். மறுபக்கம், கிறிஸ்தவர்களுக்கு எதிராக யூதர்கள் எபிரேயத்தைத் திருத்திவிட்டார்கள் என்பார்கள். இரண்டாவதற்கு இந்த வசனத்தில் இடமே இல்லை. தாவீதின் கூடாரத்தைப் பற்றிய பேச்சில் ஏதோம் வருவது இயல்பு. ஏதோமை அடக்கியவன் தாவீதுதான் என்று 2 சாமுவேல் 8:14 சொல்கிறது. இலக்கணமும் எபிரேயத்தில் நேராக இருக்கிறது, கிரேக்கத்தில்தான் "தேடும்படி" செயப்படுபொருள் இல்லாமல் தொங்குகிறது. எபிரேய வாசகமே மூத்தது என்பதே என் கணிப்பு.

முதல் யூகத்தை முற்றாகத் தள்ள முடியாது. வேண்டுமென்றே மாற்றுபவர் "தேடும்படி" என்பதை இப்படி அரைகுறையாக விட்டிருப்பாரா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கருத்துக்காக எழுதியிருந்தால் 5:6இல் தான் எழுதிய "கர்த்தரைத் தேடுங்கள்" என்பதையே எடுத்து இங்கே வைத்திருக்கலாம். சில நூற்றாண்டு கழித்து நகலெழுத்தர்கள் அதைத்தானே செய்தார்கள். இப்போது என் நோட்டில் இந்த வசனத்துக்கு நேரே இருப்பது: ஏதோம் – வாவ் இல்லாத எழுத்து, ஏறக்குறைய உறுதி. யித்ரெஷூ – அப்படி வாசித்தார் என்பது உறுதி, சுருளிலேயே அப்படி இருந்ததா என்பது திறந்த கேள்வி. "ஏத்" – விளக்கம் இல்லை.