முதலாளி பெயர் இல்லாத வேலை விளம்பரம்: நமக்குப் பொருந்துமா என்று பார்க்கும் முறை

சென்ற ஆண்டு நான் வேலை மாறியபோது கண்ணில் பட்ட விளம்பரங்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான் தொடங்கின: ‘எங்கள் வாடிக்கையாளரான முன்னணிப் பன்னாட்டு நிறுவனத்துக்கு ஆள் தேவை.’ எந்த நிறுவனம் என்று இருக்காது. கன்சல்டன்சியின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். இந்தப் பதிவில் அப்படிப்பட்ட ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, நான் அதை எப்படிப் படித்தேன் என்று காட்டுகிறேன். என் துறை அக்கவுண்ட்ஸ் பேயபிள், அதாவது சப்ளையர்களின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் பிரிவு. மற்ற துறையினர் வேலையின் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

விளம்பரத்தின் சாரம் இது. அக்கவுண்ட்ஸ் பேயபிள் பணி. அனுபவம் 2 முதல் 6 ஆண்டு. ஈ.ஆர்.பி. அறிவு அவசியம். நல்ல பேச்சுத் திறன். குழுவாக வேலை செய்யும் மனப்பான்மை. வேலை நேரம் பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை. உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை. இடம் சென்னை, ஓ.எம்.ஆர். இதற்குக் கீழே பணிகள் என்ற தலைப்பில் நான்கு வரிகள்: இன்வாய்ஸ் பதிவு, இன்வாய்ஸ் ஹோல்டுகளைத் தீர்ப்பது, சப்ளையர் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன், பேமென்ட் ரன்னுக்கு உதவுவது.

படி 1: யார் எழுதிய வரி என்று பிரியுங்கள்

ஒரு கன்சல்டன்சி விளம்பரத்தில் இரண்டு பேருடைய எழுத்து கலந்திருக்கும். ‘நல்ல பேச்சுத் திறன்’, ‘குழு மனப்பான்மை’, ‘உடனே சேர்பவர்’ எல்லாம் கன்சல்டன்சி தன் எல்லா விளம்பரங்களிலும் ஒட்டுகிற வரிகள். அவற்றை அடித்துவிடுங்கள். பணிகளைச் சொல்லும் நான்கு வரிகள் பெரும்பாலும் வாடிக்கையாளர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்தவை. வேலை எப்படிப்பட்டது என்பது அங்கேதான் இருக்கிறது.

வேலை நேரமும் வாடிக்கையாளருடையதுதான். இந்திய நேரம் பகல் 1.30 என்றால் லண்டனில் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. ஆக இது பிரிட்டன் சார்ந்த வேலை என்று ஊகிக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கான வேலையாக இருந்தால் மாலை 6.30-ஐ ஒட்டித் தொடங்கும்.

படி 2: சொற்களை வைத்து மென்பொருளைக் கண்டுபிடியுங்கள்

ஈ.ஆர்.பி. என்பது நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள். எஸ்.ஏ.பி.யும் ஆரக்கிளும் அதில் இரண்டு. ‘ஈ.ஆர்.பி. அறிவு’ என்று மொட்டையாகச் சொன்னால் எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது? எனக்கு மூன்று ஆண்டுகளாக எஸ்.ஏ.பி. மட்டும்தான் தெரியும். ஆனால் இந்த விளம்பரத்தில் ‘ஹோல்டு’ என்று இருந்தது. பணம் கொடுக்காமல் நிறுத்திவைத்த இன்வாய்ஸை எஸ்.ஏ.பி.யில் வேலை செய்பவர்கள் ‘பிளாக்’ ஆனது என்பார்கள். அதை விடுவிக்க MRBR என்ற திரைக்குப் போவார்கள். ஆரக்கிளில் அதற்கு ‘ஹோல்டு’ என்று பெயர். எஸ்.ஏ.பி. கைகளுக்கு ‘வெண்டர்’ என்ற சொல்தான் பழக்கம். ஆரக்கிளில் ‘சப்ளையர்’. இரண்டு சொற்களும் ஆரக்கிள் பக்கம் சாய்வதால் இது ஆரக்கிள் அலுவலகம் என்று குறித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். மனிதவளத் துறையில் யாரோ பொதுவான சொல்லைப் போட்டிருக்கலாம். இரண்டு, மூன்று சொற்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் ஊகமாக வைத்துக்கொண்டு, போனில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

படி 3: எழுத்துப்பிழையோடு தேடுங்கள்

இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். நகலெடுப்பவர்கள் பிழையையும் சேர்த்தே நகலெடுப்பார்கள். இந்த விளம்பரத்தில் ஸ்டேட்மென்ட் என்ற சொல்லில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அதே பிழையோடு, இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடினேன்:

```
"supplier statment reconciliation" "invoice holds" chennai
```

மேற்கோள் இல்லாவிட்டால் தேடுபொறி பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஆயிரம் பக்கங்களைக் கொட்டும். வேலைத் தளங்களுக்குள் இருக்கும் தேடல் பெட்டி இதற்குச் சரிப்படாது, வெளித் தேடுபொறிதான் வேண்டும். கிடைத்தவை மூன்று: வேறு இரண்டு கன்சல்டன்சிகளின் விளம்பரங்கள், பிறகு ஒரு நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம். நிறுவனத்தின் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: மாத இறுதிக் கணக்கில் அக்ரூவல் பதிவு, அதாவது பில் இன்னும் வராத செலவையும் அந்த மாதக் கணக்கிலேயே சேர்ப்பது. அந்த வரியைக் கன்சல்டன்சி விட்டுவிட்டது. பின்னால் அந்த வரிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எல்லா முறையும் இப்படி அகப்படாது. பாதிக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அப்போது அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

படி 4: பெயர் தெரியாமல் ரெஸ்யூமே அனுப்பாதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. ‘புரொஃபைல் பிடித்திருக்கிறது, ரெஸ்யூமேயும் பான் எண்ணும் அனுப்புங்கள், பெயரை ஷார்ட்லிஸ்ட் ஆனதும் சொல்கிறோம்’ என்றார்கள். அனுப்பினேன். பதிலே இல்லை. ஏழு வாரம் கழித்து என் கல்லூரித் தோழி தன் நிறுவனத்தில் காலியிடம் இருப்பதாகச் சொல்லி என்னை ரெஃபர் செய்தாள். அவர்களுடைய தளம் என் பெயரை ஏற்கவில்லை. நான் ஏற்கெனவே ஒரு கன்சல்டன்சி வழியாக உள்ளே இருக்கிறேனாம். அந்தக் கன்சல்டன்சி என்னை வேறொரு பணிக்கு அனுப்பி, அது நிராகரிக்கப்பட்டிருந்தது. எனக்கு அதுகூடத் தெரியாது. தோழியின் ரெஃபரல் வீண்.

நடப்பது இதுதான். பெரிய நிறுவனங்களில் ஒரு விண்ணப்பதாரரை முதலில் பதிவேற்றிய கன்சல்டன்சிக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை உண்டு. பல இடங்களில் அது ஆறு மாதம், சில இடங்களில் ஓராண்டு. அதற்குள் நாம் நேரடியாகவோ வேறு வழியாகவோ போனால் இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடுவார்கள். ஒரே ஆள் இரண்டு கன்சல்டன்சி வழியாக வந்தால், அந்த வம்பே வேண்டாம் என்று இரண்டையும் ஒதுக்குகிற நிறுவனங்களும் உண்டு. பான் எண்ணைக் கேட்பதே பெரும்பாலும் இந்தப் பதிவேற்றத்துக்காகத்தான். ஒரே ஆளா என்று அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆகவே பான் கேட்டால், இன்னும் சில நிமிடங்களில் உங்கள் பெயர் எங்கோ ஏறப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கன்சல்டன்சி பெயரை மறைப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆளை எடுத்தால் அவர்களுக்குக் கிடைப்பது ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலான கணக்கு. பெயரைச் சொன்னதும் நீங்கள் நேராகப் போய்விட்டால் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் விளம்பரத்தில் பெயர் இல்லாததைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். பதிவேற்றும் முன்பாவது சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான் இப்போது அனுப்பும் மின்னஞ்சல் இது:

‘இந்தப் பணிக்கு என்னை நீங்கள் பரிந்துரைக்கச் சம்மதம். நிறுவனத்தின் பெயரையும் பணி எண்ணையும் பதில் மின்னஞ்சலில் தெரிவித்த பிறகு பதிவேற்றுங்கள். இந்தப் பணிக்கு நான் வேறு வழியில் விண்ணப்பிக்கமாட்டேன்.’

கடைசி வரி அவர்களுடைய பயத்தைப் போக்குகிறது. ஒழுங்கான ஆள் அரை மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிடுகிறார். சொல்ல மறுப்பவரிடம் பெரும்பாலும் பணியே இருப்பதில்லை, ரெஸ்யூமே சேர்த்துவைக்கிறார். சொல்லிவிட்டால் நானும் வாக்கு மாறுவதில்லை. தேடலில் நானே கண்டுபிடித்து, யாரிடமும் ரெஸ்யூமே கொடுக்காமல் இருந்தால் மட்டும் நேரடியாகவோ ரெஃபரல் வழியாகவோ போவேன்.

படி 5: போனில் கேட்க நான்கு கேள்விகள்

‘எந்த கம்பெனி?’ என்று முதலில் கேட்டால் பேச்சு அங்கேயே முடங்கிவிடுகிறது. நான் இந்த வரிசையில் கேட்கிறேன். சம்பளம் யாருடைய பே ரோலில்? எந்த மென்பொருள்? இந்த இடம் எதனால் காலியானது? இதற்கு முன் அனுப்பியவர்களை எதற்காக நிராகரித்தார்கள்?

நான்காவது கேள்விதான் தங்கம். விளம்பரம் எழுதியவருக்கே தெரியாத உண்மையான தேவை அங்கேதான் வெளிவரும். இந்த விளம்பரத்துக்கு எனக்குக் கிடைத்த பதில்கள்: கன்சல்டன்சியின் பே ரோலில் ஓராண்டு ஒப்பந்தம். ஆரக்கிள். மகப்பேறு விடுப்பில் போனவருக்குப் பதிலாள். நான்காவதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மூன்று பேரை அனுப்பினோம். மூன்று பேருக்கும் மாத இறுதி அக்ரூவல் தெரியவில்லை என்றார்கள்’ என்றார். வேலைவாய்ப்புப் பக்கத்தில் பார்த்த அதே வரி.

படி 6: பொருத்தம் பார்ப்பது

பெரிய மதிப்பெண் அட்டவணை எல்லாம் எனக்கு ஒத்துவராது. காகிதத்தில் ஐந்து பணிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் கையால் செய்த ஒரு சம்பவத்தை எழுதுவேன். சம்பவம் நினைவுக்கு வராவிட்டால் அது எனக்குத் தெரியாத வேலை.

இன்வாய்ஸ் பதிவுக்கு எதிரே எஸ்.ஏ.பி.யின் MIRO, FB60 என்ற இரண்டு திரைகளிலும் தினமும் செய்தது. ஹோல்டுக்கு எதிரே, ஆர்டர், சரக்கு வந்த அளவு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாமல் ஒரு பேக்கிங் சப்ளையரின் பில் இரண்டு மாதம் நின்றதையும், கிடங்கில் ரசீது போடாமல் விட்டதைக் கண்டுபிடித்ததையும் எழுதினேன். ஸ்டேட்மென்ட் ஒப்பிடல் காலாண்டுதோறும் செய்தது. பேமென்ட் ரன், அதாவது சப்ளையர்களுக்கு மொத்தமாகப் பணம் அனுப்புவது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. அக்ரூவல் பதினான்கு மாத இறுதிகள் நானே போட்டது, ஆனால் என் ரெஸ்யூமேயில் அது ஒரு வார்த்தைகூட இல்லை!

ஐந்தில் நான்கு. மென்பொருள் வேறு. என் கணக்கில் மென்பொருள் மாறுவது சில வாரப் பழக்கம், அக்ரூவல் தெரியாமல் போவது அப்படியல்ல. ரெஸ்யூமேயில் அதை இரண்டாவது வரிக்கு ஏற்றிவிட்டுச் சம்மதம் தெரிவித்தேன். ‘2 முதல் 6 ஆண்டு’ என்ற அகலமான வரம்பைப் பார்த்துச் சம்பளம் கீழ்ப்பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தேன், அப்படியே இருந்தது.

பின்சேர்க்கை, வாசகர்கள் எழுதியதற்குப் பிறகு

ஒருவர், பதிவுக் கட்டணமாக இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது ஆளை எடுக்கும் நிறுவனம். நம்மிடம் கேட்டால் போனை வைத்துவிடலாம்.

இன்னொருவருக்கு, பெயர் சொன்ன பிறகுதான் அது தன் பழைய நிறுவனம் என்று தெரிந்ததாம். பதிவேற்றும் முன் தெரிந்ததால் தப்பித்தார்.

மூன்றாமவரின் சிக்கலை நான் யோசிக்கவே இல்லை: கன்சல்டன்சி பே ரோல் என்றால் சி.டி.சி.யை எப்படி ஒப்பிடுவது? முதலாளி தரப்பு பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கிச் சொல்வது வழக்கம். அதனால் மொத்தத் தொகையைக் கேட்காமல், மாதம் கையில் வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு வந்த முதல் தொகைக்கும் கையில் வருவதற்கும் மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம் இருந்தது. அதைக் காட்டிப் பேசியதில் இரண்டாயிரம் ஏற்றிக் கொடுத்தார்கள்.