பாட்டி சொன்ன கதையை எழுதும்போது எங்கே சப்பென்று போகிறது?

மும்பை செம்பூரில் மழை கொட்டும் இரவுகளில் என் மாமியார் பேத்திக்குச் சொல்லும் கதை காக்காவும் குருவியும். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களிடம் கேட்டுத் தமிழாக்கிக்கொண்டது. அதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் வந்தது இது:

"பெருமழை பெய்ததால் காகத்தின் சாணி வீடு கரைந்தது. எனவே அது மிகுந்த வருத்தத்துடன் குருவியின் மெழுகு வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டியது."

பரீட்சை விடை மாதிரி இருந்தது. சரி, பேச்சுத்தமிழுக்கு மாற்றுவோம் என்று "மழை பெஞ்சதால வீடு கரைஞ்சுபோச்சு, அதனால ரொம்ப வருத்தத்தோட போச்சு" என்று எழுதினேன். பலரும் செய்யும் தவறு இதுதான். எழுத்து மாறியது, வாக்கியத்தின் எலும்பு மாறவில்லை. பாட்டி 'அதனால' போட்டுக் கதையை ஒட்டுவதில்லை. முந்தைய வாக்கியத்தின் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததில் ஏறுகிறார்:

"ஒரு நாள் மழைன்னா மழை, அப்படி ஒரு மழை பிடிச்சுதாம். பிடிச்சா, விடவே இல்லையாம். சாணி வீடு சொதசொதன்னு ஊறிப்போச்சாம். ஊறி ஊறி, கரைஞ்சே போச்சாம். காக்கா நனைஞ்சுக்கிட்டே வருது. டொக், டொக்!"

'வருத்தத்துடன்' காணாமல் போனதைப் பாருங்கள். நனைந்துகொண்டே வந்தால் போதும், மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தவறு 'ஆம்'. ருசி கண்டதும் எல்லா வாக்கியத்திலும் ஒட்டிவிடுவோம். என் மாமியார் கதையை விரிக்கும்போதுதான் 'ஆம்' போடுகிறார். காக்கா கதவருகே வந்ததும் 'வருதாம்' இல்லை, 'வருது'. அந்த இடத்தில் கதை கேள்விப்பட்டதாக இல்லாமல் கண்ணெதிரே நடக்கிறது. காக்காவும் குருவியும் பேசும் பேச்சுக்குள்ளும் 'ஆம்' நுழையக் கூடாது.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு, "பலமுறை தட்டியும் குருவி திறக்கவில்லை" என்று சுருக்கியது. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது:

"குருவியக்கா, குருவியக்கா, கதவைத் திற!"
"இரு, குழந்தையைக் குளிப்பாட்டிட்டு வரேன்."
"குருவியக்கா, குருவியக்கா, கதவைத் திற!"
"இரு, குழந்தைக்குத் தலை துவட்டிட்டு வரேன்."
"குருவியக்கா, குருவியக்கா, கதவைத் திற!"
"இரு, குழந்தைக்கு மை வெச்சுட்டு வரேன்."

கேள்வி ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, பதில் மட்டும் மாற வேண்டும். வாயால் சொல்லும்போது ஏழு தடவை போகலாம். தாளில் மூன்று, மிஞ்சினால் நான்கு. கேள்வி மாறாமல் இருந்தால்தான் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சொல்லும்.

எழுதியது சரியா என்று பார்க்க, சத்தமாகப் படித்து, குழந்தை எங்கே 'ம்' கொட்டுகிறது என்று கவனியுங்கள். என் முதல் வடிவத்தில் 'ம்' சொல்ல இடமே இல்லை. திருத்தியதை நேற்று பேத்திக்கும் பாட்டிக்கும் படித்தேன். 'விடவே இல்லையாம்' என்றதும் ஒரு 'ம்'. மூன்றாவது தட்டலுக்குப் பிறகு 'ம்' வரவில்லை. பேத்தி போர்வையை விலக்கிவிட்டு, "அந்தக் குருவிக்குக் காதே கேக்காதா பாட்டி?" என்று கத்தினாள்.