‘இஸ்கூல்’ என்று வருகிறதா?

தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் ஸ்கூல் என்று சொல்லப்போனால் முன்னால் ஓர் ‘இ’ தானாக ஒட்டிக்கொள்கிறது. தொண்டையில் விரலை வையுங்கள். ‘ஸ்’ சொல்லும்போது அதிர்வு இருக்கக் கூடாது. தொடக்கத்திலேயே அதிர்ந்தால் ‘இ’ நுழைந்துவிட்டது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி: ‘பஸ் கூல்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு ‘ப’வை மனத்துக்குள் மட்டும் சொல்லி, பாம்பு சீறுவதுபோல் ஸ்ஸ்ஸ் என்று நீட்டி, மூச்சை நிறுத்தாமல் ‘கூல்’ என்று முடியுங்கள். அப்புறம் சீறலைக் குறுக்குங்கள்.

ஸ்ட்ரீட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘இ’ போனாலும் நடுவில் ‘ஸ்டிரீட்’ ஆகிவிடும். பின்னாலிருந்து கட்டுங்கள்: ரீட், ட்ரீட், ஸ்ட்ரீட். ‘ட்’ சொல்லும்போதே உதட்டைக் குவித்து ‘ர’வுக்குத் தயாராக இருந்தால் இடையில் உயிர் நுழைய இடமிருக்காது.