திருவிழாக் கணக்குக் கடிதம்: பொருளாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி உத்திரம் முடிந்த கையோடு, புதிதாகப் பொறுப்பேற்ற பொருளாளர்கள் யாராவது நன்கொடையாளர்களுக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பி, "ஒரு தடவை பார்த்துடுங்கண்ணே" என்பார்கள். ஊர் மாறும், சாமி மாறும், தவறு மட்டும் மாறாது. கூட்டல் பிழை, இனிஷியல் மாறிப்போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யார் படித்தாலும் சொல்லிவிடுவார்கள். படிக்கும்போது ஒழுங்காகத் தெரிந்து, அனுப்பிய பிறகு வம்பை இழுத்து வருபவைதான் இங்கே.

எல்லாப் பணத்தையும் ஒரே வரவாகக் காட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு கோயில் அறக்கட்டளையின் கடிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன: மொத்த வரவு ₹9,00,000, மொத்தச் செலவு ₹8,75,000, கையிருப்பு ₹25,000. பத்து நாள் உற்சவம், கடன் இல்லை, மிச்சமும் இருக்கிறது. கமிட்டியில் எல்லோருக்கும் திருப்தி.

அந்த ஒன்பது லட்சம் மூன்று வழியாக வந்த பணம். அன்னதானத்துக்கென்று சொல்லிக் கொடுத்தது ₹3,00,000. மண்டகப்படிக்காரர்கள் நாளுக்கு ₹18,000 வீதம் கட்டியது ₹1,80,000. எதற்கென்று சொல்லாமல் வந்த பொது நன்கொடை ₹4,20,000. செலவையும் அதே மாதிரி பிரித்தால் கதை வேறு. மண்டகப்படிப் பணம் அந்தந்த நாள் அபிஷேகம், அலங்காரம், பிரசாதத்துக்கே சரியாகப் போனது. அன்னதானத்துக்குச் செலவானது ₹2,35,000 மட்டும், அதாவது ₹65,000 மீதி. பந்தல், லைட், மேளம், பூ, ஜெனரேட்டர் என்று பொதுச் செலவு ₹4,60,000. அங்கே ₹40,000 துண்டு விழுந்தது. அந்தத் துண்டை அன்னதானப் பணம் அடைத்தது. கடிதத்தில் இருந்த ₹25,000, அடைத்தது போக எஞ்சியது.

யாரும் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வங்கிக் கணக்கு, பில் வர வரக் காசோலை கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்பா நினைவாக அன்னதானத்துக்கு ₹50,000 கொடுத்த ஒருவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "சோத்துக்குன்னு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. பொருளாளர் நோட்டைப் புரட்டிக் கூட்டிச் சொல்ல, மீதி எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. அதன் பிறகு, மழையால் செலவு கூடியது என்று பொருளாளர் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அடுத்த வருஷம் அந்த உபயதாரர் கோயிலில் பணம் கட்டவில்லை. நேராக மளிகைக் கடையில் கட்டி, சாமானை மடப்பள்ளியில் இறக்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். பருப்பு குவிந்து கிடந்தது, சமையல் மாஸ்டருக்குக் கூலி கொடுக்கக் காசு இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சொல்வதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. தேரோட்டத்தன்று கோடை மழை கொட்டியதால் தேர் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மேளக்காரர்கள், லைட், ஜெனரேட்டர் எல்லாம் ஒரு நாள் கூடுதல்: ₹38,000. உத்திரத்தன்று பூ விலை ஏறியதில் ₹12,000. பொதுச் செலவுக்கு ₹4,10,000 என்று போட்ட திட்டம் ₹4,60,000 ஆனது இப்படித்தான். அன்னதானம் குறைந்ததற்கும் காரணம் உண்டு, ஒரு ரைஸ் மில்காரர் அரிசி கொடுத்திருந்தார். இரண்டையும் கடிதத்தில் எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது.

சரி, எப்படி எழுதுவது? மூன்று நிதிக்கும் தனித்தனியாகத் திட்டம், வரவு, செலவு, மீதி அல்லது பற்றாக்குறை என்று நான்கு எண்கள். திட்டம் என்பது திருவிழாவுக்கு முன் கமிட்டி ஒப்புக்கொண்ட தொகை. செலவு முடிந்த பிறகு அதற்கு ஏற்ற மாதிரி திருத்திய தொகை அல்ல. திட்டத்தைத் தாண்டிய இடத்தில் காரணம் ஒரு வரி. பற்றாக்குறையை மறைக்காமல் கீழே இப்படி எழுதலாம்: "பொதுச் செலவில் ஏற்பட்ட ₹40,000 பற்றாக்குறைக்கு அன்னதான நிதியிலிருந்து தற்காலிகமாக எடுத்தோம். கமிட்டித் தீர்மானப்படி அறக்கட்டளையின் பொது இருப்பிலிருந்து அதைத் திருப்பி வைத்துவிட்டோம். அன்னதான நிதியில் இப்போது ₹65,000 உள்ளது. பௌர்ணமி அன்னதானத்துக்குப் பயன்படும்." திருப்பி வைத்த பிறகுதான் இப்படி எழுத வேண்டும். பொது இருப்பில் பணம் இல்லையென்றால் அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். கமிட்டி தானாக "எல்லாம் சாமி காசுதானே" என்று முடிவு செய்யக் கூடாது.

இது கடிதம் எழுதும் நாளில் செய்யும் வேலையும் அல்ல. ரசீதிலேயே பொது, அன்னதானம், மண்டகப்படி என்று கட்டம் போட்டு டிக் அடித்திருந்தால்தான் பிறகு பிரிக்க முடியும். அந்தக் கட்டம் இல்லாத ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று ஞாபகத்தில் தேடினால், எண்கள் மறுபடி சந்தேகத்தில்தான் போய் நிற்கும்.

பொருளாக வந்ததை ரூபாயாக்குவது

அந்த மில்காரர் கொடுத்தது 25 கிலோ மூட்டை 40. அதற்கு ஒரு விலை போட்டு வரவில் மட்டும் சேர்த்தால் கணக்கில் உள்ள பணம் வங்கியில் இருக்காது. இரு பக்கமும் சேர்த்தால் கணக்கு நிற்கும், ஆனால் "நான் கொடுத்த அரிசிக்கு இவ்வளவுதான் விலையா?" என்று ஒருவர் வருவார். அளவாகவே எழுதுங்கள்: வந்தது 40 மூட்டை, சமைத்தது 37, மடப்பள்ளியில் மீதி 3. வெள்ளி விளக்கு, பட்டு வஸ்திரம் மாதிரி வந்ததென்றால் பொருள் பதிவேட்டின் எண்ணையும் போடுங்கள்.

பில் வரும் முன் கணக்கை முடிப்பது

கொடி இறக்கிய வாரமே கடிதம் அனுப்பும் வேகம் நல்லதுதான். ஆனால் பந்தல்காரர் மீதிக்கு இன்னும் வந்திருக்க மாட்டார். தற்காலிக மின் இணைப்புக்கு முன்கூட்டிக் கட்டியதில் திரும்பி வரவேண்டியது இருக்கும். கட்டிய தொகை முழுவதையும் செலவு என்று எழுதிவிடுகிறார்கள். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது என்று இரண்டு வரிகளைச் சேர்த்தாலே போதும்.

பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முன்பணம் மார்ச்சில் போகும், மீதி ஏப்ரலில் போகும். ஆடிட்டர் இரண்டு நிதியாண்டாகப் பிரிப்பார், அது அவர் வேலை. உங்கள் கடிதம் திருவிழாவுக்கானது. காப்பு கட்டுவதற்கு முன் கொடுத்த முதல் முன்பணத்திலிருந்து கடைசி பில் வரை ஒரே கணக்காக இருக்கட்டும். இரண்டுக்கும் எண்கள் ஒத்துப்போகாது என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சொன்ன தொகையை வந்த தொகையாக எழுதுவது

மைக்கில் அறிவித்தது வரவு ஆகாது. ரசீது போட்டால்தான் வரவு.

இதர செலவுகள்

₹5,000-க்கு மேல் போனால் பிரித்து எழுதுங்கள்.

80ஜி என்று ஒரு வரி

பழைய கடிதத்தைப் பார்த்து எழுதும்போது, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்ற இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. எல்லாக் கோயில் அறக்கட்டளைக்கும் அந்த அனுமதி கிடையாது. இருந்தாலும் ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தத் தொகைக்குச் சலுகை கிடைக்காது. ஆடிட்டரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

கையெழுத்து

பொருளாளர் மட்டும் போட்டால் போதாது. தலைவர், செயலாளர் கையெழுத்தும் வேண்டும். கீழே, வவுச்சர்களைக் கோயில் அலுவலகத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். எழுதிய நேரத்துக்கு ஆள் இருக்க வேண்டும், பீரோ சாவியும் அவரிடம் இருக்க வேண்டும்.